லாரியை நிறுத்தினேன், பந்தைக் கோட்டைவிட்டேன்

அந்தமானின் வட கோடியில், திக்லிபூர் சாலைப்பணி அலுவலகத்தில் எனக்கு வேலை. வீடு, கணவர், மகள் எல்லாம் போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில். துறைத் தேர்வில் தேறினால் போர்ட் பிளேருக்கே பதவி உயர்வு. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. தேர்வு எழுத நாளெல்லாம் பஸ்ஸில் குலுங்கி வீடு வந்து சேர்ந்தபோது இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

சூத்திரமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அலகு மாற்றுவதில்தான் சறுக்குவேன். ஜல்லி, தார் எல்லாம் டன்னில்தானே வருகிறது? டன்னைக் கண்டால் கிலோவாக்க வேண்டும் என்றே தோன்றாது.

"அரே, முதல்ல அலகைப் பாரு, அப்புறம் சூத்திரத்தைத் தொடு," என்று தேர்வன்று காலை கணவர் வாசல் வரை வந்து சொன்னார்.

"டீக் ஹை, சரி, ஆளை விடுங்க," என்றேன். எரிச்சலாக வந்தது.

தேர்வில் அந்த லாரி வந்தது. பத்து டன், மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் வேகம், ஐந்து நொடியில் நிற்கிறது. பிரேக்கின் விசை என்ன? பத்தை முப்பத்தாறால் பெருக்கி ஐந்தால் வகுத்தேன். எழுபத்திரண்டு நியூட்டன். கொடுத்திருந்த நான்கு விடைகளில் முதலாவதாகவே அது உட்கார்ந்திருந்தது. அடப்பாவிகளா, நான் எங்கே வழுக்குவேன் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள்!

ஏதோ உறுத்தியது. எழுபத்திரண்டு நியூட்டன் என்றால் ஏழு கிலோ அரிசிப் பையைத் தூக்குகிற விசை. அதை வைத்து ஜல்லி லாரியை நிறுத்த முடியுமா? மறுபடி போட்டேன். முப்பத்தாறை 3.6-ஆல் வகுத்தால் நொடிக்குப் பத்து மீட்டர். பத்து டன் என்பது பத்தாயிரம் கிலோ. ஐந்து நொடியில் நிற்க, வேகம் நொடிக்கு இரண்டு மீட்டர் வீதம் குறைய வேண்டும். இருபதாயிரம் நியூட்டன். நிம்மதியில் கண் கலங்கிவிட்டது.

அடுத்து, சின்னக் கணக்கு. நூற்றைம்பது கிராம் பந்து, நொடிக்கு இருபது மீட்டர் வேகம், உந்தம் என்ன? வேகம்தான் மீட்டரில் இருக்கிறதே என்று பெருக்கி, மூவாயிரத்தைக் குறித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன்.

விடைக்குறிப்பு வெளியானபோது திக்லிபூரில் இருந்தேன். பந்துக்கு விடை மூன்று. கிராமைக் கிலோவாக்கவில்லை. லாரிக்கு அவ்வளவு யோசித்தவளுக்கு ஒரு பந்து கண்ணில் படவில்லை. பிறகு முடிவும் வந்தது. ஒரே ஒரு மதிப்பெண் குறைவு. அழக்கூடத் தெம்பில்லை.

போனை மகள்தான் எடுத்தாள்.

"பாஸாம்மா?"

"இல்லடா. ஒரு மார்க்."



"அப்போ உன் துணியெல்லாம் வைக்க நான் காலி பண்ணின அலமாரித் தட்டுல, என் புஸ்தகத்தையே திரும்ப வச்சுக்கவா?"

வைத்துக்கொள் என்றேன்.