அண்ணன் கேட்காத பாதிப் பிரசங்கம்

எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் ஒருவர் சொன்ன பேச்சு கேட்காவிட்டால், சாமியாரிடம் போய், "சாமி, ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல இதக் கொஞ்சம் சேத்துச் சொல்லுங்க" என்று காதில் போட்டுவிட்டு வருவார்கள். குடிக்கிற கணவன், மருமகளோடு சண்டை போடும் மாமியார் என்று எல்லாருக்கும் இந்த வைத்தியம் நடந்திருக்கிறது. யாரும் திருந்தியதாக எனக்கு நினைவில்லை. அம்மாவுக்கு மட்டும் இதில் பெரிய நம்பிக்கை.

மாதா குகையான கெபியின் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் மகள் என்னையும் இழுத்துக்கொண்டு சாமியாரைப் பார்க்கப் போனார். அம்மாவுக்கு அப்போதே இதயம் பலவீனமாகிவிட்டது. சாமியார் பங்களா வாசல் படியில் இரண்டு தடவை உட்கார்ந்துதான் ஏறினார். சாவதற்குள் தன் இரண்டு மகன்களும் ஒரே இலை வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

பெரியண்ணன் சாக்கோட்டைக்கு அங்குட்டு எங்கள் நிலத்தில் விவசாயம் பார்க்கிறார். சின்னண்ணன் வாத்தியார், செக்காலையில் வீடு. சின்னண்ணன் கெட்டிக்காரர், பாசமானவர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் வாயில் அவர் மகன் என்பதைத் தாண்டி ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டிருந்தார். பெரியண்ணன் அறுவடை முடிந்து முதல் மூட்டை அரிசியைத் தோளில் சுமந்து வந்து அடுப்படியில் இறக்குவார். அம்மா அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, "தம்பி வாங்கித் தந்த மெஷின் பாத்தியா, துணி காஞ்சே வருது" என்பார். அண்ணன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மெஷினைப் பார்த்துவிட்டுப் போவார். இப்படியே வருஷக்கணக்கில் நடந்தது.

சின்னண்ணன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில்தான் அது வெடித்தது. பெரியண்ணன் மகன் புதுவயல் அரிசி மில்லில் மூட்டை ஏற்றுகிறான். பந்தியில் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது அம்மா, "இவனும் சித்தப்பா மாதிரி படிச்சிருந்தா இப்புடி முதுகு ஒடிய வேணாமில்ல" என்றார். மனசுக்குள் பேரன் மேல் இரக்கம்தான், வெளியே வந்தது அப்படி. பெரியண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். மறுநாள் பொது வரப்பில் தம்பி ஆசையாக நட்டு வைத்திருந்த தென்னங்கன்றுகளை எல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார். கேவலமான வேலை. சொன்னது அம்மா, தண்டனை தம்பிக்கு. இதை நான் அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை.

சாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பிரசங்கத்துல வச்சு ஒருத்தரத் திருத்த முடியாதும்மா. மகன என்னைய வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார்.

"அவன் வரமாட்டான் சாமி. திருவிழா நவநாளுக்குத்தான் வருவான். பேரெல்லாம் சொல்ல வேணாம். பொறாம தப்புன்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா அன்னைக்கு வேத வாசகத்துல என்ன இருக்கோ அதத்தான் சொல்வேன். அது எல்லாருக்கும்தான்" என்றார் சாமியார். அம்மா சந்தோஷமாகக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஒன்பது நாள் செபத்தில் குடும்பங்களுக்கான நவநாள் அன்று கெபி மைதானம் நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் முன் வரிசையில் சின்னண்ணன், பின்னால் வேப்பமரத்தடியில் பெரியண்ணன். முதல் வாசகமாக உலகத்தின் முதல் அண்ணன் தம்பி கதை வாசிக்கப்பட்டது. அண்ணன் நிலத்தை உழுதவன், தம்பி ஆடு மேய்த்தவன். இருவரும் காணிக்கை கொண்டுவந்தார்கள். தம்பியுடையது ஏற்கப்பட்டது, அண்ணனுடையது ஏற்கப்படவில்லை. அண்ணன் தம்பியை வயல்வெளிக்குக் கூட்டிப்போய்க் கொன்றான்.

சாமியார் மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ஊரில் பெரிய மில் முதலாளி கார் வாங்கினால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை, கூடப் பிறந்தவன் பைக் வாங்கினால் தூக்கம் போய்விடுகிறது, ஏனென்றால் ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சட்டியில் சாப்பிட்டவனோடுதான் நாம் நம்மை நிறுத்துப் பார்க்கிறோம் என்றார். சிலர் சிரித்தார்கள். பிறகு, "அந்த மூத்தவன் யாரு? நெலத்துல பாடுபட்டவன். வெயில்ல காஞ்சவன்" என்று நிறுத்தினார்.

அந்த ஒரு நிறுத்தத்தில் எங்கள் தெரு செபக்குழுவான அன்பியத்துக்காரர்கள் பாதிப் பேர் வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்கள். தென்னங்கன்று விஷயம் ஊருக்கே தெரியும். பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட்டத்துக்கு நடுவில் தலை குனியாமல் நடந்து, ரோட்டில் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார்.

சாமியார் பார்த்தார், முகம் வெளிறியது. ஆனால் நிறுத்தவில்லை. அவர் சொல்ல வந்ததே அதற்குப் பிறகுதான் இருந்தது.

அந்த மூத்தவன் கொண்டுவந்ததும் உழைப்புதான், ஏன் ஏற்கப்படவில்லை என்று வேதம் விளக்கமாகச் சொல்லவில்லை, நாம்தான் ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடிக்கிறோம் என்றார். முகம் வாடி நின்றவனிடம்தான் கடவுள் பேசினார், ஜெயித்த தம்பியிடம் அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றார். கொலைக்கு முன்னாலேயே கடவுள் வந்து, ஏன் உன் முகம் வாடியிருக்கிறது, கோபத்தை உன்னால் அடக்க முடியும் என்று கேட்டுச் சொன்னார். தம்பியைப் பார் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"நாம என்ன பண்றோம்? முகம் வாடுன பிள்ளகிட்டப் போயி, அவனப் பாரு, அவன மாதிரி இருன்னு சொல்றோம். பொறாமப்பட்டவன் பாவத்துக்கு அவன்தான் பொறுப்பு. அதுல மாத்தம் இல்ல. ஆனா ரெண்டு பிள்ளைய ஒரே தராசுல வச்சுத் தூக்கிப் புடிச்சமே, அந்தக் கைக்கும் ஒரு கணக்கு இருக்கு. மொதல்ல வாடுன முகத்தப் பாருங்க. கொண்டுவந்தத ரெண்டு கையாலயும் வாங்குங்க."

பக்கத்தில் அம்மா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். அன்று அவர் நன்மை வாங்க எழவில்லை. வீட்டுக்கு வந்து, "அது எனக்குச் சொன்னது தாயி" என்றார். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொன்னால் பொய்யாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அம்மா தூக்குவாளியில் கோழிக் குழம்பு எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் பெரியண்ணன் வீட்டுக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இன்னொரு நாளும் போனார், அப்போதும் அப்படித்தான். அண்ணனிடம் என்னைப் போய்ச் சொல்லச் சொல்லவில்லை. "நானே அவன் கையப் புடிச்சுச் சொல்லணும்" என்றார். தவக்காலம் தொடங்குவதற்கு முன் இறந்துவிட்டார்.

அடக்கத்துக்குப் பெரியண்ணன் வந்தார். தம்பி நின்ற பக்கம் திரும்பாமல் குழியில் மண் போட்டார். எல்லாரும் கலைந்த பிறகு கல்லறைச் சுவரோரம் தனியாக நின்றவரிடம் நான் போய், அவர் கேட்காத பாதியை ஒன்று விடாமல் சொன்னேன்.

முழுக்கக் கேட்டார். "இதெல்லாம் சாமியாரு சொன்னாரா?"

"ஆமாண்ணே."

"அம்மா கேட்டாகளா?"

"கேட்டாக. எனக்குத்தான் சொன்னதுன்னு அழுதாக. ஒங்ககிட்டச் சொல்லத்தான் ரெண்டு தடவ வந்தாக. நீங்க வயலுக்குப் போயிட்டீகன்னு நெனச்சுத் திரும்பிட்டாக."

அண்ணன் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் வயலுக்குப் போகல தாயி" என்றார். "தம்பியப் பத்திப் பேச வந்திருக்காகன்னு நெனச்சேன். வாளிய கீழ வச்சுட்டு மூச்சு வாங்குனது எனக்குக் கேட்டுச்சு. உள்ளதான் உக்காந்திருந்தேன்."