நல்ல காலத்துக்குப் போட்ட பூச்சியம்

சண்டை நடந்த காலத்தில் திருகோணமலையில், உள்துறைமுகம் தெரியும் ஒரு மாடி அலுவலகத்தில் கணக்குப் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். மூதூர், குச்சவெளி, ஈச்சிலம்பற்று மூன்றுக்கும் நடமாடும் கிளினிக் அனுப்புகிற சின்ன நிறுவனம் அது. ஒரு கொம்பியூட்டர் இருந்தது. கரண்ட் இருக்கும்வரை சொன்னபடி கேட்கும்.

அந்த வருடம் கொழும்புத் தலைமையகம் ஒரு புதுக் கட்டளை அனுப்பியது. இனி வரவுசெலவுத் திட்டத்தை இரண்டு விதமாகக் காட்ட வேண்டும்: எல்லாம் நன்றாக நடந்தால் எவ்வளவு, எல்லாம் கெட்டால் எவ்வளவு. நல்ல நிலைமைக்கான மொத்தம் அவர்கள் வைத்த எல்லைக்குள் அடங்க வேண்டும். கெட்ட நிலைமைக்கு மேலதிகமாகத் தேவைப்படுவதை அவர்கள் ஒதுக்கி வைத்திருப்பார்கள். நிலைமை கெட்டுத்தான் இருக்கிறது என்று நாங்கள் மாதாமாதம் கடிதம் எழுதினால் விடுவிப்பார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். கொழும்பு அளந்த பிறகும் ஆற்றைக் காட்டச் சொல்லும்.

எக்செல்லில் இதற்கென்றே சினாரியோ மனேஜர் என்று ஒன்று உண்டு. ஒரே தாளில் கணக்கைப் போட்டுவிட்டு, மாறக்கூடிய கட்டங்கள் எவையென்று அதற்குச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மாறுவது நாலு: மூதூருக்கு ஓடும் லோஞ்ச் படகுக்குக் கூலி, வாகன வாடகை, ஈச்சிலம்பற்றுக் கிளினிக் பயணங்கள், அந்தக் கிளினிக்கின் தாதிக்குச் சம்பளம் கொடுக்கும் மாதங்கள். ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு பெயர் வைத்து, அந்த நாலு கட்டத்துக்கும் உரிய எண்களைக் கொடுத்தால் அது வைத்துக்கொள்ளும். பெயரைத் தெரிவு செய்து ‘ஷோ’வை அழுத்தினால் அந்த எண்கள் கட்டங்களில் வந்து உட்காரும், மொத்தம் தானாக மாறும். ‘சமரி’ கேட்டால் எல்லா நிலைமைகளையும் அருகருகே ஒரு புதுத் தாளில் தரும்.

எண்களுக்காக எங்கள் பொறுப்பாளரையும் ஈச்சிலம்பற்றுத் தாதியையும் ஒரு காலை உட்கார வைத்தேன். பொறுப்பாளரை நாங்கள் சேர் என்போம். தாதியை நான் அக்கா என்பேன். அவர் ஈச்சிலம்பற்றிலேயே பிறந்தவர். சுற்றுவட்டாரத்தில் கர்ப்பிணிகளைத் தொட்டுப் பார்க்க அவரை விட்டால் ஆள் கிடையாது.

கெட்ட நிலைமைக்கு யாரும் யோசிக்கவேயில்லை. லோஞ்ச் நிற்கும், சுற்றுப் பாதையால் லொறி பிடிக்க வேண்டும், மருந்துக்கு அனுமதி கிடைக்காமல் ஒரு பயணம் இரண்டாகும். நான் தட்டத் தட்ட இருவரும் போட்டி போட்டுச் சொன்னார்கள். நல்ல நிலைமைக்கு வந்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

“போன மாசிமாதம் மாதிரி எண்டாக் காணும் தம்பி,” என்றார் அக்கா கடைசியில். “லோஞ்ச் கிழமைக்கு ரெண்டு நாள் ஓடினது. சென்ரியில ஆமியும் மருந்துப் பெட்டியைக் கனக்கக் கிண்டேல்ல.”

அதையே தட்டினேன். சமரி வந்தது. இரண்டு பத்தியும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நின்றன.

“உம்மட சாமான் பழுதோ?” என்றார் சேர்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரி. சாமானில் பழுதில்லை, கொடுத்ததைத்தான் அது காட்டியது. சேர் அப்படியே கொழும்புக்கு அனுப்பிவிட்டார்.

மறுமொழி தொலைபேசியில் வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். நல்ல நிலைமையிலேயே எல்லை தாண்டுகிறது, ஆகவே ஒன்றைக் குறையுங்கள், ஈச்சிலம்பற்றுக்குத்தான் செலவு அதிகம், அதை எடுத்துவிடுங்கள் என்றார். சேர் ரிசீவரை வைத்துவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார். அக்காவுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் அழவில்லை, கத்தவுமில்லை. கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டார்.

“எங்க பிழைச்சது? காட்டுங்கோ.”

காட்டினேன். காட்டும்போதுதான் எனக்கே விளங்கியது. எங்களுடைய நல்ல காலம் என்பது கெட்ட காலத்தில் ஒரு நல்ல மாதம். கொழும்புக்காரனுக்கு இப்படி ஒரு பிழை விட வராது.

“அக்கா, சண்டையே இல்லையெண்டு வையுங்கோ,” என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு.

“சென்ரியும் இல்லையோ?”

“இல்லை.”

“லோஞ்ச்?”

“ஒவ்வொரு நாளும்.”

“வெருகல் பக்கத்தால பஸ்?”

“ஓம், பஸ்ஸும் ஓடுது.”

அக்கா திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அப்ப நாங்கள் ஏன் போறம்? பிள்ளைத்தாச்சி பஸ் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்கு வருவாள்தானே. பயணத்துக்குப் பூச்சியம் போடுங்கோ.”

சேர் எழுந்து வந்துவிட்டார். “மிஸ், பயணம் பூச்சியம் எண்டா உங்கட சம்பளமும் அதோட போகும். நாங்கள் கேட்டு, கொழும்பு ஒதுக்கி வச்சதை விட்டாத்தான் உங்களுக்குக் காசு. விடாத மாசம் நான் ஒண்டும் செய்ய ஏலாது.”

“ஓம் சேர், விளங்குது. கிளினிக்கே இல்லையெண்டா எனக்கென்ன சம்பளம்? அதுக்கும் பூச்சியம்.”

நல்ல நிலைமையைத் திருத்தி, இரண்டு பூச்சியம் தட்டி, ஷோவை அழுத்தினேன். தாதி என்ற வரியில் இருந்த தொகை போய்ப் பூச்சியம் வந்தது. அடியில் மொத்தம் எல்லைக்குள் இறங்கியது. பழைய சமரித் தாள் மட்டும் பழைய எண்களோடு அப்படியே நின்றது. அது தானாகத் திருந்தாது. அதை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்தேன். இந்த முறை இரண்டு பத்திக்கும் இடையிலான வித்தியாசத்தில் ஈச்சிலம்பற்றுக் கிளினிக் முழுதாக இருந்தது.

கொழும்பு ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்புக்கொண்டது. சேருக்குச் சந்தோஷம். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு மனுஷி தன் வேலையை இல்லாமலாக்கித்தான் தன் ஊரை அந்தத் தாளுக்குள் வைக்க முடிந்தது என்பது எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை.

பிறகு மாதாமாதம் கடிதம் எழுதுவது என் வேலையானது. ‘நல்ல நிலைமை இன்னும் ஏற்படவில்லை என அறியத் தருகிறோம்.’ ஒரு மாதமும் அந்த வசனத்தை மாற்ற வேண்டி வரவில்லை. ஒதுக்கியது வந்தது, கிளினிக் போனது. சம்பளத்துக்குக் கையொப்பம் வைக்க வரும்போதெல்லாம் அக்கா ஒரே கேள்வியைக் கேட்பார்.

“இந்த மாசமும் நல்ல காலம் வரேல்லையோ தம்பி?”

“இல்லை அக்கா.”

“அப்ப எனக்குச் சம்பளம் இருக்கு.” சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

ஒரு மாதம் அவர் சிரிக்கவில்லை. லோஞ்ச் நின்றிருந்த நாட்களில் ஈச்சிலம்பற்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, தோணியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அக்கா சம்பளப் பத்திரத்தைத் தொடாமல் கதிரையில் இருந்தார்.

“அந்தப் பூச்சியத்தை ஒருக்காக் காட்டுங்கோ.”

நல்ல நிலைமையைத் தெரிவு செய்து ஷோவை அழுத்தினேன். தாதி என்ற வரியில் பூச்சியம் வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, மாத்துங்கோ,” என்றார்.

கெட்ட நிலைமையை அழுத்தினேன். அவருடைய சம்பளம் திரும்பி வந்தது. அவர் கையொப்பம் வைத்தார்.