பதினொரு பேர்

சிவகௌரி ரீச்சரின் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வாய்பாடு ஓதுகிற சத்தம் கேட்காது. நெல்லியடிக்குக் கிட்டவுள்ள அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் படித்தவர்கள் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களையே முற்றத்துக்குக் கூட்டிப்போய் வரிசை கட்டவைப்பார். மூன்று வரிசை, வரிசைக்கு நாலு பேர். அப்படியே பக்கவாட்டில் திரும்பினால் நாலு வரிசை, வரிசைக்கு மூன்று பேர். "ஆரும் கூடேல்லை, குறையேல்லை. பாத்தியளோ?" என்பார். கிளிப்பிள்ளைப் பாடம் அவருக்கு ஆகாது. பத்தொன்பது வருடமாக அதற்காகப் பள்ளிக்கூட அதிபர்மாரோடும் சண்டைதான்.

போன கிழமை, அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியான தாரிகாவின் தாய் வந்தார். "ரீச்சர், பிள்ளைக்கு ஏழாம் வாய்பாடு இன்னும் பாடமில்லை. ரவுணிலை படிக்கிற பிள்ளையள் எல்லா வாய்பாடும் கடகடவெண்டு சொல்லுதுகள்."

"அவள் யோசிச்சுக் கண்டுபிடிப்பாள், அம்மா."

"சோதினையிலை யோசிக்க நேரம் தருவினமோ?"

திங்கட்கிழமை தாரிகா நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாறிப் போய்விட்டாள்.

அன்றும் பிள்ளைகள் முற்றத்தில் தாங்களாகவே வரிசை கட்டினார்கள். இரண்டு வரிசையாக நின்றார்கள், ஒருவன் மிஞ்சினான். மூன்று வரிசையாக நின்றார்கள். இரண்டு பேர் மிஞ்சினார்கள். நாலாகவும் நின்று பார்த்தார்கள்.

"ஒற்றை வரிசை மட்டுந்தான் வருது, ரீச்சர்," என்றாள் கோபிகா. "தாரிகா வந்தால்தான் சரிவரும்."

சரியான விடை. ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களே கண்டுபிடித்த விடை. ரீச்சரால் அந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை.

"உள்ளுக்கை வந்து இருங்கோ," என்றார். "ஏழாம் வாய்பாடு. எல்லாரும் சேர்ந்து சத்தமாச் சொல்லுங்கோ."