மூச்சு விடும் நேரம்

பரீட்சைக்கு முன் பத்தாம் வகுப்புக்கு யோகா டீச்சர் அரைமணி நேரம் எடுப்பார். முதலில் பூனை போல முதுகை வளைத்து நிமிர்த்தி உடம்பைத் தளர்த்துவது, பிறகு ஒரு புள்ளியைப் பார்த்தபடி கால் மாற்றி ஒற்றைக்காலில் நிற்பது, கடைசியில் மல்லாந்து படுத்து, இழுப்பதைவிட மெதுவாக மூச்சை விடுவது.

அன்று பிள்ளைகள் கண்மூடிப் படுத்திருந்தபோது கணக்கு வாத்தியார் நுழைந்து, சூத்திரங்களை ஒப்பிக்கச் சொன்னார். பதினெட்டு வருஷம் இந்த மாதிரிக் குறுக்கீடுகளைப் பொறுத்துப்போன டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இப்பதான் படபடப்பு அடங்கிச்சு, மறுபடி கிளப்புறீங்களே, நியாயமா சார்? வருஷம் பூரா நடத்தாததையா அஞ்சு நிமிஷத்துல நடத்தப்போறீங்க?”

“தூங்கவைக்க ஒரு டீச்சரா?” என்றார் அவர்.

டீச்சர் அவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார். மறுநாள் தலைமையாசிரியர் விளக்கம் கேட்டார். டீச்சர் நான்கு பக்கம் எழுதினார். ‘மன்னிப்பு’ என்ற சொல் எங்கும் இல்லை. அடுத்த பரீட்சையிலிருந்து சூத்திரம் ஒப்பித்தல் பரீட்சைக்கு முந்தைய நாளுக்கு மாறியது. டீச்சரின் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.