தீச்சுடர்ப் பொத்தான்

பழைய திருப்படங்களையும் குருத்தோலையையும் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் குப்பையில் போடுவதில்லை. எரித்துச் சாம்பலை மண்ணில் சேர்ப்போம். கம்பியூட்டரிலும் அப்படித்தான் செய்தேன்.

தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் மின்னஞ்சலில் செபங்கள் அனுப்புவார்கள். பத்துப் பேருக்கு அனுப்பு என்று கீழே இருக்கும். மாதா படத்தைக் குப்பைத்தொட்டிப் பொத்தானால் அழிக்க மனம் வரவில்லை. தீச்சுடர் போட்ட இன்னொரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் கடிதம் மறைந்துவிடும். எரித்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பேன். இரண்டு வருடம் இதையே செய்தேன்.

கனடாவில் என் அக்காவுக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. குரல் போய்விட்டது. இனிப் புது மின்னஞ்சல் விலாசத்திலிருந்து எழுதுகிறேன் என்று ஒரு கடிதம் போட்டார். பிறகு ஒன்றும் வரவில்லை. வருத்தக்காரியைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்று நானும் பேசாமல் இருந்தேன். செபமாலையில் மட்டும் தினமும் வேண்டினேன்.

ஒருநாள் அக்காவின் மகள் போன் எடுத்தாள்.

"மாமா, அம்மா விடிய காலமாகிட்டா."

பிறகு கேட்டாள்: "நீங்கள் ஏன் ஒரு பதிலும் போடேல்ல? அம்மா கடைசி மட்டும் பாத்துக்கொண்டிருந்தவ."

"எனக்கு ஒண்டும் வரேல்லையே பிள்ளை."

வெள்ளவத்தையிலிருந்து என் மகள் ஓடிவந்தாள். நான் ஒருநாளும் திறக்காத ஜங்க் என்ற குப்பைக் கடிதப் பகுதியைத் திறந்தாள். செபங்களுக்கு நடுவே அக்காவின் கடிதங்கள் பதினொன்று.

"அப்பா, இந்த நெருப்பு எரிக்கிறதுக்கில்லை. இது குப்பை எண்டு கம்பியூட்டருக்குப் படிப்பிக்கிற பட்டன். செபம், ஆசீர்வாதம் எண்டு வாற கடிதமெல்லாம் குப்பை எண்டு படிப்பிச்சு வச்சிருக்கிறீங்கள். மாமி ஒவ்வொரு வரியிலயும் ஆண்டவரைக் கூப்பிடுறவதானே."

"முந்தி அக்கான்ர கடிதம் ஒழுங்கா வந்ததே?"

"அந்த விலாசம் உங்கட விலாசப் புத்தகத்தில இருந்தது. அதில இருக்கிற ஆக்களை இது தொடாது. புதுசை நீங்கள் சேர்க்கேல்ல."

வாசித்தேன். எங்கள் அம்மா சாகும் நேரத்தில் சொன்ன செபத்தில் அக்காவுக்கு ஒரு வரி மறந்துவிட்டதாம். 'தம்பி, அதை எழுதி விடு' என்று மூன்று கடிதத்தில் கேட்டிருந்தார். கடைசிக் கடிதத்தில் செபம் பற்றி இல்லை. 'என்னோடு கோபமோ' என்று மட்டும் இருந்தது.

அந்த வரி எனக்குத் தெரியும். அன்றும் தெரியும்.

ஒவ்வொரு கடிதத்திலும் 'ஜங்க் இல்லை' என்பதை நானே அழுத்தினேன். ஒவ்வொன்றாக முன்பக்கத்துக்குத் திரும்பி வந்தது. "இனி எல்லாம் சரியோ?" என்றேன்.

"உடன திருந்தாது அப்பா. நூற்றுக்கணக்கில பிழையாக் காட்டியிருக்கிறீங்கள். நல்லதையும் காட்டிக்கொண்டே இருக்கவேணும்."

அன்றே அந்தச் செபத்தை முழுதாக எழுதி அக்காவின் மகளுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் அவளுடைய பதிலும் ஜங்க்கில்தான் கிடந்தது. 'சவப்பெட்டியை மூடமுதல் அம்மாவின் காதோடு வாசித்தேன் மாமா' என்றிருந்தது.

அழுதபடி 'ஜங்க் இல்லை' என்று அழுத்தினேன்.