பெண்டிங்

கிளார்க்கைப் பொறுத்தவரை ‘பெண்டிங்’ என்றால் ஒரே அர்த்தம்தான்: ஃபைல் மேலதிகாரியின் மேசையில் தூங்குகிறது, நாம் போய் எழுப்பக் கூடாது. காலமெல்லாம் ஆபீஸில் அவர் கற்றது அவ்வளவுதான்.

தங்கையின் கணவருக்கு லேத் பட்டறையில் கை நசுங்கியது. முதலாளி எடுத்திருந்தது வெளிநாட்டு இன்சூரன்ஸ். கிளெய்ம் முழுக்க ஆப்பில், அதுவும் இங்கிலீஷில். “நான் பாத்துக்கறேன் மாப்ள” என்று கிளார்க் அதைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். தினமும் திறந்தார். ‘பெண்டிங்’ என்றிருந்தது. “அவங்க பாத்துட்டு இருக்காங்க” என்று சொல்லிவிட்டு மூடினார். டாக்டரின் அறிக்கையைக் கேட்டால் கொடுக்கலாம் என்று பத்திரமாகப் பையில் வைத்திருந்தார்.

இன்று ‘குளோஸ்ட்’ என்றிருந்தது. முதன்முறையாக அந்தச் சொல்லைத் தொட்டார். கீழே விரிந்தது: டாக்டர் அறிக்கை கேட்டோம், கெடு தேதிக்குள் நீங்கள் அனுப்பவில்லை, அதனால் மூடிவிட்டோம். அறிக்கையை இணைத்து, தாமதத்துக்குக் காரணம் எழுதி, மறுபடி திறக்கக் கேட்கலாம். திறப்பதும் திறக்காததும் எங்கள் முடிவு.

அவர்களா தூங்கினார்கள்? இந்தத் தடிமாடு அல்லவா தூங்கியிருக்கிறது!

தங்கை வீட்டுக்குப் போனார். கட்டுப் போட்ட கையோடு கதவைத் திறந்தார் மாப்பிள்ளை.

“என்ன மச்சான், ஏதாவது தெரிஞ்சுதா?”

“குளோஸ் பண்ணிட்டாங்க மாப்ள...”

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பிக் கத்தினார்:

“ஏய், இங்க வா! உங்கண்ணன் முடிச்சுக் குடுத்துட்டாரு!”