முந்நூற்று நாற்பது சதவீதக் கழிவு

நூர்பானு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி இராஜபாளையம் நூற்பாலை ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தாள். தொண்ணூற்றேழில் ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பஞ்சுக் கழிவுக் கணக்கை எக்ஸெல்லில் போடும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது.

முதல் வாரமே ஸ்பின்னிங் மாஸ்டர் ஐயாதுரை அவள் அச்செடுத்த தாளோடு வந்தார். "ஏம்மா, நூறு கிலோ பஞ்சு போட்டா முந்நூத்து நாப்பது கிலோவா கழிவு வரும்?"

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் 3.4 சதவீதம்தான் வந்தது. கழிவைப் பஞ்சால் வகுத்து நூறால் பெருக்கும் சூத்திரத்தில் அவளுக்குப் பிழை தெரியவில்லை. அதனால் வாராவாரம் அச்செடுத்த தாளில் வெள்ளை மை பூசி, சரியான எண்ணைப் பேனாவால் எழுதினாள். கழுத்து கடுத்தது.

ஒரு மதியம் வெள்ளை மை காய்ந்துபோயிருந்தது. எழுந்துபோய் வேறு புட்டி கேட்கவும் தெம்பில்லாமல், சூத்திரத்திலிருந்த நூறை அழித்துப் பார்த்தாள். 3.40% என்று வந்தது. அந்தக் கட்டங்களுக்கு யாரோ முன்பே சதவீத வடிவம் கொடுத்திருந்தார்கள். அது தானாகவே நூறால் பெருக்கிக் காட்டும். இவள் மேலும் ஒருமுறை பெருக்கியிருக்கிறாள்.

அவள் காட்டியதும், "அம்புட்டுத்தானா?" என்றார் ஐயாதுரை.

"அம்புட்டுத்தான் சார்."

"அப்ப வேலை சீக்கிரம் முடிஞ்சிரும்லா. ஆள் வருகைக் கணக்கையும் நீயே போட்ரு."

நூர்பானு தலையசைத்தாள். வீடு போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது.